பெட்டியா, அலமாரியா: ஒரு குடும்பம் ஃப்ரீசர் வாங்கிய 13 மாதங்கள்

நான் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்பவர்கள் குறைவு. வாங்கியபின் ஐஸ் கட்டுகிறது என்று அழைப்பவர்களே அதிகம். இந்தக் குடும்பம் முன்கூட்டியே கேட்டது. எடுத்த முடிவு பெரும்பாலும் சரியாக அமைந்தது. ஆனால் நான் கேட்கத் தவறிய ஒரு கேள்வி முதல் வாரத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தது. அதையும் சேர்த்து இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

வீட்டில் ஆறு பேர்: கணவன், மனைவி, கணவரின் பெற்றோர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். இறைச்சி, மீன், பட்டாணி, ரொட்டி ஆகியவற்றை மாதம் ஒருமுறை மொத்தமாக வாங்கத் தொடங்கியிருந்தார்கள். ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இருந்த ஃப்ரீசர் அறை இரண்டாம் மாதமே போதவில்லை. தனியாக ஒரு ஃப்ரீசர் வேண்டும் என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வகை என்பதில்தான் வேறுபாடு.

மூடியை மேலே தூக்கித் திறக்கும் செஸ்ட் ஃப்ரீசர் வேண்டும் என்றார் மாமனார். மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்று கேள்விப்பட்டிருந்தார். அலமாரி போல முன்பக்கம் கதவு திறக்கும் அப்ரைட் ஃப்ரீசர் வேண்டும் என்றார் மருமகள். உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பது அவர் பக்கத்து நியாயம். மாமியார் என்னைப் பார்த்துச் சொன்னது இது: “தம்பி, அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக் குனிந்து எடுக்க என் இடுப்பு இடம் கொடுக்காது. பகலில் சமைப்பது நான்தான்.” மூவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. இனிவரும் இடங்களில் முதலாவதைப் பெட்டி என்றும் இரண்டாவதை அலமாரி என்றும் குறிப்பிடுகிறேன்.

மூன்று வாரக் குறிப்பேடு

உடனே பதில் சொல்லாமல், ஃப்ரிட்ஜின் மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். ஃப்ரீசர் அறையை யார் திறந்தாலும் என்ன எடுத்தார் அல்லது வைத்தார் என்று ஒரு வரி எழுத வேண்டும். 21 நாட்கள் எழுதினார்கள். பிள்ளைகள்தான் ஒழுங்காக எழுதினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணக்கிட்டபோது ஒரு நாளைக்குச் சராசரியாக 9 முறை ஃப்ரீசர் திறக்கப்பட்டிருந்தது. ஐஸ் கட்டி எடுக்க, மீதமான குழம்பை வைக்க, ரொட்டித் துண்டு எடுக்க என்று அத்தனையும் சில்லறை வேலைகள். மொத்தமாக வாங்கிய பொருளை எடுப்பதற்காகத் திறந்தது வாரத்துக்கு 4 முறைதான். அதிலும் பெரும்பகுதியை முதல்நாள் இரவே எடுத்துக் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

இந்த ஒரு தகவல் கேள்வியின் வடிவத்தையே மாற்றியது. தினமும் கை போகும் சரக்கும், மாதக்கணக்கில் கிடக்கும் சரக்கும் ஒரே இடத்தில் கலந்து கிடந்ததுதான் அவர்களுடைய சிக்கல். முன்னதற்குப் பழைய ஃப்ரீசர் அறையே போதும். பின்னதற்கு மட்டும்தான் புதிய இயந்திரம். ஒன்று கடை, மற்றது கிடங்கு. கிடங்குக்குள் தினமும் போக வேண்டியதில்லை.

கதவு திறந்தால் நடப்பது என்ன

மாமனாரின் மின்சார வாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பரவலாகச் சொல்லப்படும் காரணம் ஒன்று உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. அலமாரியின் கதவைத் திறந்தால் அது தரையில் கொட்டிவிடும். பெட்டியின் மூடியைத் திறந்தால் கிணற்றுத் தண்ணீர் போல உள்ளேயே தங்கிவிடும். ஆகவே பெட்டிக்குச் செலவு குறைவு. காற்றைப் பற்றிச் சொல்வது சரி. ஆனால் மின்செலவுக்கு அதுவே முக்கியக் காரணம் என்பது சரியில்லை.

காற்று மிக இலேசானது, அதற்குள் வெப்பமும் அதிகம் அடங்காது. 200 லிட்டர் அலமாரியில் பொருள்கள் போக 150 லிட்டர் காற்று இருப்பதாகவும், அது முழுவதும் வெளியேறி 30 டிகிரி அறைக்காற்று உள்ளே வருவதாகவும் வைத்துக்கொள்வோம். ஈரத்தையும் சேர்த்து அதைக் குளிரவைக்க நீக்க வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 20 கிலோஜூல். பத்து முறை திறந்தாலும் ஒரு நாளில் ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு அளவு வெப்பம்தான். அதை வெளியேற்றக் கம்ப்ரசருக்குத் தேவைப்படும் மின்சாரம் அதைவிடக் குறைவு.

உண்மையான நஷ்டம் அந்தக் காற்றோடு வரும் ஈரத்தில் இருக்கிறது. புழுக்கமான நாளில் 150 லிட்டர் காற்றில் சுமார் 3 கிராம் நீராவி இருக்கும். அது முழுவதும் உள்ளே பனியாகப் படியும். ஒரு நாளைக்குப் பத்து முறை, மாதம் முந்நூறு முறை என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஐஸ். கதவு திறப்பதன் விலையை மின்கட்டணத்தில் தேடினால் அகப்படாது, சுரண்டி எடுக்கும் ஐஸில்தான் அகப்படும்.

அப்படியானால் பெட்டிக்கு ஏன் செலவு குறைகிறது? பொதுவாக அதன் சுவரில் காப்புநுரை தடிமனாக இருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் உள்ளே விசிறியும் இல்லை, சூடேற்றும் கம்பியும் இல்லை. இன்று கிடைக்கும் அலமாரிகளில் பெரும்பாலானவை ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. அவற்றில் ஒரு விசிறி குளிர்க்காற்றைச் சுற்றிவிடுகிறது. பின்சுவருக்குள் மறைந்திருக்கும் குளிர்ச்சுருளில் பனி படிகிறது. நாளில் ஒன்றிரண்டு முறையாவது ஒரு ஹீட்டர் எரிந்து அந்தப் பனியை உருக்கி வெளியேற்றுகிறது. நாம் ஐஸ் சுரண்டுவதற்குப் பதிலாக இயந்திரம் அந்த வேலையைச் செய்துகொள்கிறது, அதற்கான கூலியை மின்சாரமாக வாங்கிக்கொள்கிறது. இதைச் சொன்னதும் மருமகள், “அப்படியானால் நாங்கள் தேர்ந்தெடுப்பது பெட்டியையா அலமாரியையா என்பதே இல்லை. யார் ஐஸை எடுப்பது என்பதுதான்” என்றார். என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

விசிறியால் இன்னொரு விளைவும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வறண்ட காற்று சரியாகச் சுற்றப்படாத பொருளிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஐஸ் உருகாமலே நேராக ஆவியாகிப் போவதால் இறைச்சியின் மேல் சாம்பல் நிறத்தில் காய்ந்த திட்டுகள் தோன்றும். மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும் சரக்குக்கு இது பொருட்டல்ல. நான்கைந்து மாதம் கிடக்கும் சரக்கானால், காற்றுப் புகாமல் இறுக்கமாகக் கட்டியிருந்தால்தான் அலமாரியில் தாங்கும்.

விசிறி இல்லாத அலமாரி வகையும் கிடைக்கிறது. அதில் தட்டுகளே குளிர்ச்சுருள்கள். தட்டின்மேல் ஐஸ் வளர்ந்து இழுப்பறைகளைப் பிடித்துக்கொள்ளும். திறக்கும்போது காற்றும் கொட்டும், ஐஸையும் நாமே எடுக்க வேண்டும். இடம் குறுகியவர்களுக்குத் தவிர மற்றவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

இடம்

சமையலறையை அடுத்த சாமான் அறையில் 120 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மாடம் இருந்தது. பார்த்துவைத்த 200 லிட்டர் பெட்டியின் அகலம் 93, ஆழம் 56, உயரம் 85 சென்டிமீட்டர். அதே கொள்ளளவுள்ள அலமாரி 55 அகலமும் 58 ஆழமும் மட்டுமே. பார்த்தவுடன் அலமாரி பாதி இடத்தில் அடங்குவது போலத் தோன்றும். ஆனால் அலமாரியின் கதவு முன்பக்கம் 55 சென்டிமீட்டர் வீசித் திறக்க வேண்டும். இழுப்பறையை முழுவதும் வெளியே இழுக்க அது 90 டிகிரியைத் தாண்டியும் திறக்க வேண்டும். அந்த அறையில் கதவு திறக்கும் பாதையில்தான் துணி துவைக்கும் இயந்திரம் நின்றது. பெட்டிக்கு முன்னால் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தால் போதும்.

பெட்டிக்கு இடம் மேலே வேண்டும். மாடத்தில் 138 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பலகைத் தட்டு இருந்தது. மூடியைத் தூக்கினால் அதன் நுனி 142க்குப் போகிறது. நான்கு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட்டால், மூடியைப் பாதி திறந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் துழாவும் நிலை வரும். நான் பார்த்த வீடுகளில் பெட்டி பயன்படாமல் போனதற்கு இதுவே முதல் காரணம். தட்டைக் கழற்றி 25 சென்டிமீட்டர் மேலே ஏற்றினோம்.

பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் வீதம் இடைவெளி விடச் சொன்னது கையேடு. பல பெட்டிகளில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் வெளிச்சுவரின் தகட்டுக்குள்ளேயே ஓடுகின்றன. ஆகவே பக்கச்சுவர் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அது பழுதில்லை. ஆனால் அதன்மேல் மூட்டையைச் சாய்த்துவைத்தால் கம்ப்ரசர் ஓய்வே எடுக்காது. 93ஓடு இருபுறமும் சேர்த்து 113 வந்தது, மாடத்துக்குள் அடங்கியது.

அந்த அறை கோடையில் 36 டிகிரி வரை போகும் என்று ஒரு வெப்பமானி காட்டியிருந்தது. இயந்திரத்தின் பின்னால் ஒட்டியிருக்கும் தகவல் தகட்டில் காலநிலை வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். N என்றால் 32 டிகிரி அறைவெப்பம் வரை, ST என்றால் 38 வரை, T என்றால் 43 வரை. முதலில் பார்த்த மாடல் N. அதை விட்டுவிட்டு T வகுப்பில் உள்ளதைத் தேடச் சொன்னேன்.

முடிவு

200 லிட்டர் பெட்டி. ஒரே நேரத்தில் அதிகபட்சம் 36 கிலோ சரக்கு இருக்கும் என்று கணக்கிட்டிருந்தோம். வீட்டில் கட்டும் பொட்டலங்களுக்கு ஒரு லிட்டருக்கு அரைக் கிலோ என்று கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் 72 லிட்டர், கூடைகளுக்கும் சந்துபொந்துகளுக்கும் சேர்த்து 110. மாமனார் 300 லிட்டர் கேட்டார், நான் 150 சொன்னேன், 200இல் முடிந்தது.

மாமியாரின் இடுப்புக்கு ஏற்பாடு என்ன என்பதை எழுதிவைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூத்த பேரன் அந்த வாரத்துக்கு வேண்டியதைப் பெட்டியிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் அறையில் அடுக்கிவிட வேண்டும். வாரநாட்களில் பாட்டி பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு நடக்காது என்று அவர்கள் சொல்லியிருந்தால் அலமாரியைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன். மின்சாரம் கொஞ்சம் கூடினால் தாங்கலாம். குனிய முடியாதவருக்கு ஆழமான பெட்டியைக் கொடுத்தால் அதற்குள் இருக்கும் சரக்கு இருந்தும் இல்லாததுதான்.

முதல் வாரம்: என் தவறு

பெட்டி வந்து இறங்கியது. சாய்த்துத் தூக்கி வந்ததால் கம்ப்ரசர் எண்ணெய் திரும்பி இறங்கட்டும் என்று சில மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு ஒரு நாள் வெறுமையாக ஓடவிட்டார்கள். வயர் வைத்த வெப்பமானியின் முனையை உள்ளே நடுவில் தொங்கவிட்டிருந்தேன். அது மைனஸ் 21 காட்டியது. எல்லாம் ஒழுங்கு.

மறுநாள் மாலை மாதச் சரக்கு வந்தது. 34 கிலோ, அத்தனையும் உறையவைக்காத இறைச்சியும் மீனும். அத்தனையையும் பெட்டியின் நடுவில் குவித்து மூடினார்கள். பழைய ஃப்ரீசர் அறையிலிருந்து எடுத்த 8 கிலோ உறைந்த பொருளையும் பக்கத்தில் வைத்தார்கள்.

ஆறு மணி நேரத்தில் வெப்பமானி மைனஸ் 8க்கு ஏறியது. மறுநாள் மாலை மைனஸ் 11. மைனஸ் 18க்குக் கீழே திரும்ப 52 மணி நேரம் ஆனது. இரண்டாம் நாள் குவியலின் நடுவில் இருந்த ஒரு பொட்டலத்தை அழுத்தியபோது விரல் பதிந்தது. பழைய பட்டாணி உதிரியாக இருந்தது ஒரே கட்டியாக ஒட்டிவிட்டது. உதிரியாக வைத்த பட்டாணி கட்டியாகிவிட்டால், இடையில் அதன் மேற்பரப்பு இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். வெப்பமானி இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

இயந்திரத்தில் கோளாறு இல்லை. தகவல் தகட்டில் ‘உறையவைக்கும் திறன் 24 மணி நேரத்துக்கு 11 கிலோ’ என்று எழுதியிருந்தது. ஃப்ரீசரின் கம்ப்ரசர் உறைந்த பொருளை உறைந்த நிலையில் காக்கும் அளவுக்குத்தான் செய்யப்பட்டது. ஈரப் பொருளை உறையவைப்பது வேறு வேலை. இறைச்சியை 4 டிகிரியிலிருந்து பூஜ்ஜியம் வரை குளிரவைக்க வேண்டிய வெப்பத்தைப் போலப் பல மடங்கு, அதிலுள்ள நீரைப் பனியாக மாற்றும் கட்டத்தில் வெளியேற வேண்டும். 34 கிலோவுக்கு அது மொத்தம் இரண்டரை யூனிட்டுக்கு மேல் வெப்பம். சிறிய கம்ப்ரசருக்கு அது இரண்டு நாள் வேலை.

நான் மாதத்துக்கு எத்தனை கிலோ என்று கேட்டேன், எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டேன், எத்தனை முறை திறக்கிறீர்கள் என்று 21 நாள் எழுதவைத்தேன். ஒரே நாளில் எத்தனை கிலோ உள்ளே போகும் என்று கேட்கவில்லை. மொத்தமாக வாங்குபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

சரக்கு கெட்டுப்போகவில்லை. ஆனால் மெதுவாக உறையும்போது தசைக்குள் பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து இழைகளைக் கிழித்துவிடும். அந்த மாதம் இளக்கிய மீனிலிருந்து நிறையத் தண்ணீர் வடிந்தது, சதை குழைந்தது. மாமியார் அதை மீன்காரரின் குற்றமாகவே கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரண்டாம் மாதத்திலிருந்து முறையை மாற்றினோம். சரக்கு வருவதற்கு முதல்நாளே வேகமாக உறையவைக்கும் பொத்தானைப் போட்டுவிடுவார்கள். வாங்குவதை ஒரு வார இடைவெளியில் இரண்டு தவணையாகப் பிரித்தார்கள். வந்ததில் 9 கிலோ அன்று மாலை பெட்டிக்குள் போகும், மீதி ஃப்ரிட்ஜின் மிகக் குளிர்ந்த தட்டில் இருந்து மறுநாள் போகும். பொட்டலங்களை உருண்டையாகக் கட்டாமல் மூன்று சென்டிமீட்டர் தடிமனில் தட்டையாகக் கட்டி, குளிர்க்குழாய் ஓடும் சுவரைத் தொட்டபடி நிற்கவைத்தார்கள். வெப்பமானி மைனஸ் 15க்கு மேல் ஏறவில்லை. மறுநாள் காலையில் பொட்டலங்கள் பலகை போல இருந்தன.

ஐந்தாம் மாதம்: ஓரத்தில் ஐஸ்

பெட்டியின் வலப்பக்க விளிம்பில் ஐஸ் தடித்துவிட்டது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன். இடப்பக்கம் மெல்லிய படலம், வலப்பக்கம் 12 மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் ஆனாலே எடுத்துவிட வேண்டும். அடிக்கடி திறக்கிறார்கள் போலும் என்பது மாமனாரின் முடிவு.

திறப்பதால் வந்த ஐஸா என்பதைக் கணக்கே சொல்லிவிட்டது. ஐந்து மாதத்தில் ஏறக்குறைய 100 முறை திறந்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறியது என்று வைத்தாலும், பெட்டியில் அப்படி மாறுவதில்லை, 300 கிராமுக்கு மேல் ஐஸ் சேர வழியில்லை. ஐஸை உருக்கி வாளியில் பிடித்தபோது இரண்டு லிட்டர் தண்ணீர் வந்தது. அப்படியானால் மூடி மூடியிருக்கும்போதே காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதுவும் ஒரு பக்கமாக மட்டும்.

ஒரு காகிதத் துண்டை மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மூன்று பக்கமும் இறுக்கிப் பிடித்தது. வலது மூலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. தரை நீர் வடிவதற்காக அந்தப் பக்கம் சரிவாகக் கட்டப்பட்டிருந்தது. பெட்டி மூன்று காலில் நின்றதால் மேல்விளிம்பு சற்றே முறுக்கியிருந்தது. மூடியின் ரப்பர் காஸ்கெட்டும் அந்த இடத்தில் மடிந்து படிந்திருந்தது. நாலாவது காலுக்கு அடியில் ஆப்பு வைத்து ரசமட்டத்தால் சரிபார்த்தேன். முடி உலர்த்தும் கருவியால் ரப்பரை இதமாகச் சூடாக்கி நீவியதும் அது பழைய வடிவுக்கு வந்தது. அதன்பின் காகிதம் எங்கும் வழுக்கவில்லை.

ஐஸ் எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். சரக்கு குறைந்திருந்த மாதக் கடைசியில் வைத்துக்கொண்டோம். மீதியை இரண்டு கூடைகளில் நெருக்கமாக அடுக்கிக் கனமான போர்வையால் மூடினோம். மின்சாரத்தை நிறுத்தி, அடியில் இருக்கும் வடிகால் அடைப்பைத் திறந்து, வெந்நீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்து மூடினோம். அரை மணிக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றி, இளகிய ஐஸை மரக்கரண்டியால் நெம்பினோம். இரண்டரை மணி நேர வேலை. கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ பக்கத்தில் வரக்கூடாது. சுவருக்குள் ஓடும் குளிர்க்குழாயில் ஒரு துளை விழுந்தால் அதைச் சரிசெய்ய வழியில்லை, பெட்டியே போய்விடும். தவிர, புதிய இயந்திரங்கள் பலவற்றில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது.

அதற்கடுத்த எட்டு மாதங்களில் ஒரே ஒருமுறை ஐஸ் எடுத்தார்கள். அப்போது வாளியில் விழுந்தது அரை லிட்டருக்கும் குறைவு.

ஓராண்டுக் கணக்கு

பிளக்கில் மாட்டும் மீட்டர் 365 நாளில் 263 யூனிட் காட்டியது. நாளொன்றுக்கு 0.72. ஒப்பிடுவதற்கு உறவினர் வீட்டில் இருந்த 210 லிட்டர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ அலமாரியில் அதே மீட்டரை 9 நாள் மாட்டியிருந்தோம். அது நாளுக்கு 1.15 யூனிட் எடுத்தது. வேறு அறை, வேறு பழக்கம், வேறு தயாரிப்பு. ஆகவே இதைத் துல்லியமான ஒப்பீடு என்று சொல்லமாட்டேன். ஆண்டுக்கு 150 யூனிட் சுமாருக்கு வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். மாமனார் சொன்னது சரிதான், அவர் சொன்ன காரணம்தான் வேறு.

மருமகள் சொன்னதும் சரியாகிவிட்டது. ஓராண்டு முடிவில் பெட்டியை முழுவதும் காலி செய்தபோது அடியில் 3.2 கிலோ கிடைத்தது. அதில் ஒரு பொட்டலம் முதல் மாதத்தது. மேலெல்லாம் சாம்பல் திட்டு. எல்லாவற்றையும் எறிந்தார்கள். மின்சாரத்தில் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கை அடித்தட்டு தின்றுவிட்டது. இந்த இழப்பு அலமாரியில் வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்போது பொட்டலங்களைப் படுக்கவைத்து அடுக்குவதில்லை. நூலகத்தில் புத்தகம் போல நிமிர்த்தி, துணிப்பைகளில் நிற்கவைக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு நிறம், கைப்பிடி மேலே. பையைத் தூக்கினால் அடிவரை தெரிகிறது. மூடியின்மேல் ஒட்டிய தாளில் பையில் என்ன இருக்கிறது என்று எழுதி, எடுத்ததும் அடிக்கிறார்கள். பைக் கைப்பிடி மூடியில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எச்சரித்தேன். காஸ்கெட்டுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

ஒன்பதாம் மாதம் ஒருநாள் 9 மணி நேரம் மின்தடை. யாரும் மூடியைத் திறக்கவில்லை. மைனஸ் 19இல் இருந்தது மைனஸ் 15க்கு வந்து நின்றது. பெட்டி அப்போது முக்கால்வாசி நிறைந்திருந்தது. நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். சரக்கு குறையும் மாதக் கடைசியில் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை வைக்கிறார்கள். அதனால் மின்கட்டணம் குறையும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெரிதாகக் குறையாது. சுவர் வழியே வரும் வெப்பம் உள்ளே பாட்டில் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. மின்தடைக்கு உதவும் என்பதால் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.

மறுபடி செய்தால்

தகவல் தகட்டில் உறையவைக்கும் திறனை முதலில் படித்து, அதிலிருந்து வாங்கும் அளவைத் தீர்மானிக்கச் சொல்வேன். பெட்டியை இறக்கிய அன்றே ரசமட்டம் வைத்துப் பார்ப்பேன். அதைச் செய்யாததற்கு எனக்குச் சமாதானம் இல்லை. துணிப்பைகளும் நிறங்களும் முதல் மாதமே வந்திருக்க வேண்டும். இரண்டு தவணையாக வாங்கத் தொடங்கியபின் உள்ளே இருக்கும் சரக்கு 25 கிலோவைத் தாண்டுவதில்லை. ஆகவே 150 லிட்டரே போதுமாக இருந்திருக்கும். இதில் மட்டும் நான் வற்புறுத்தாமல் விட்டது தவறு.

அலமாரியை நான் பரிந்துரைக்கும் வீடுகளும் உண்டு. உறைந்த பொருளைத் தினமும் பலமுறை எடுப்பவர்கள், குனிய இயலாதவர்கள், ஐஸ் எடுக்க அரை நாள் ஒதுக்க முடியாதவர்கள், தரையில் இடமில்லாமல் உயரத்தில் இடமிருப்பவர்கள். இதே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு குலைந்தால் கணக்கு மாறிவிடும். மூத்த பேரன் அடுத்த ஆண்டு விடுதிக்குப் போகிறான். இளையவளுக்கு இன்னும் பெட்டியின் அடிவரை கை எட்டவில்லை. போன வாரம் போனபோது பெட்டிக்கு முன்னால் ஒரு சிறிய மர முக்காலி கிடந்தது.